அபராத அறிவிப்பின் புகைப்படத்தை வாசிப்பது எப்படி: குற்றம், தொகை, கெடு, அடுத்து செய்ய வேண்டியவை

போக்குவரத்து அபராத அறிவிப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் தொகையையும் கண்ணில் முதலில் படும் தேதியையும் எடுத்துக்கொண்டு, "இவ்வளவு பணம், இந்தத் தேதிக்குள்" என்று முடிவு கட்டிவிடுவதே பெரும்பாலானோர் செய்யும் தவறு. ஓர் அறிவிப்பில் பொதுவாக இரண்டு மூன்று தொகைகளும் நான்கைந்து தேதிகளும் இருக்கும். ஒவ்வொரு தொகையும் ஒரு குறிப்பிட்ட கால இடைவெளிக்கு மட்டுமே பொருந்தும். அறிவிப்பு சொல்லும் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. ஆகவே எந்தத் தொகை எந்தத் தேதியோடு சேர்கிறது, எந்தத் தேதி எந்தச் செயலோடு சேர்கிறது என்று இணை சேர்ப்பதுதான் இங்கே வாசிப்பு என்பது. அறிவிப்பு கையில் தாளாக இல்லாமல் கைப்பேசியில் படமாக வரும்போது, மடிப்பிலும் நிழலிலும் எதிர்ப்பக்கத்திலும் இந்த இணைகளில் ஒன்று காணாமல் போய்விடுகிறது.

இதை ஓர் உண்மை நிகழ்வின் வழியாகவே விளக்குகிறேன். என் சித்தி மகன் ஒரு வியாழக்கிழமை, 2024 ஜூன் 13 அன்று, வேகக் கேமராவில் சிக்கியதற்கான அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பினான். தாள் மூன்றாக மடிக்கப்பட்டு உறையில் வந்திருந்ததால் குறுக்கே இரண்டு மடிப்புகள் ஓடின. கீழ் வலது மூலையை அவனுடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. படத்தோடு வந்த கேள்வி ஒன்றே ஒன்று: "அண்ணா, கட்ட வேண்டியது அறுபதா எண்பதா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது படத்தை முழுதாக வாசித்த பிறகுதான் தெரிந்தது.

முதல் படி: படம் முழுமையானதா என்று பார்த்தல்

எழுத்தை வாசிக்கும் முன் தாளின் ஓரங்களைப் பாருங்கள். நான்கு மூலைகளும் தெரியாத படத்தில் ஏதோ ஒன்று வெட்டுப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். "பக்கம் 1 / 2" என்றோ "பின்பக்கம் பார்க்க" என்றோ அடியில் இருந்தால் இரண்டாவது படம் இல்லாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் நாட்களை எண்ணும் விதி, ஆட்சேபணை தெரிவிக்கும் வழி, ஓட்டுநரின் விவரம் கேட்கும் படிவம் ஆகியவை பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் அச்சிடப்படுகின்றன. முன்பக்கம் பணத்தைச் சொல்லும். பின்பக்கம் உரிமையைச் சொல்லும்.

உறையையும் படமெடுக்கச் சொல்லுங்கள். இது தேவையற்ற எச்சரிக்கை போலத் தோன்றும், ஆனால் சில நாடுகளில் கெடு தாளின் தேதியிலிருந்து அல்லாமல் கையில் கிடைத்த தேதியிலிருந்து ஓடுகிறது. ஜெர்மனியில் அபராத ஆணை மஞ்சள் நிற உறையில் வரும். தபால்காரர் அதைச் சேர்த்த தேதியை அந்த உறையின் மேலேயே எழுதுவார். ஆட்சேபணைக்கான 2 வாரங்கள் அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படுகின்றன. உறையைக் குப்பையில் போட்டவர், கெடு தொடங்கிய நாளுக்கான சான்றையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்.

படத்தின் தரத்தைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய எழுத்துகள் கரைந்துவிடும். அதையே ஆவணக் கோப்பாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேரும். இரண்டாவது, ஸ்கேன் செய்யும் செயலிகளில் உள்ள கறுப்பு வெள்ளை வடிகட்டியைப் பயன்படுத்த வேண்டாம். எழுத்து பளிச்சென்று தெரியும் என்றாலும் வெளிறிய முத்திரை, நீல மையில் கிறுக்கிய தேதி, சாம்பல் நிறத்தில் அச்சிட்ட குறிப்பு எல்லாவற்றையும் அது வெண்மையாக்கிவிடும். சாலையில் நிறுத்திக் கையில் கொடுக்கும் சீட்டுகள் பல, வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருகின்றன. வெயிலில் காரின் முன்பலகை மேல் கிடந்தால் அவை மங்கிப்போகும் என்பதால், அவற்றை வாங்கிய அன்றே படமெடுத்து வைப்பதுதான் முறை.

மடிப்பு, விரல், ஒளிப்பிரதிபலிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் மறு படம் கேட்பதே நல்லது. என் சித்தி மகன் அன்று வேலையில் இருந்தான், தாள் வீட்டில் இருந்தது. ஆகவே மறு படம் வரும்வரை இருப்பதை வைத்து வாசிக்கத் தொடங்கினேன்.

இரண்டாம் படி: இது எந்த வகைத் தாள்

அபராத அறிவிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வேறுபட்ட தாள்கள் அடங்கியிருக்கின்றன. இத்தனை பணம் கட்டு என்று சொல்லும் தாள் ஒன்று. அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியது யார் என்று உரிமையாளரைக் கேட்கும் தாள் இன்னொன்று. நீதிமன்றத்துக்கு அழைக்கும் தாள் மூன்றாவது. தனியார் நிறுத்தத்தை நடத்தும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கேட்டு அனுப்பும், பார்வைக்கு அரசுத் தாள் போலவே இருக்கும் கடிதம் நான்காவது. முதல் இரண்டும் ஒரே தாளில் சேர்ந்தும் வரலாம், அதுதான் அதிகக் குழப்பம் தருவது.

தலைப்பு, வெளியிட்ட அமைப்பின் பெயர், மேற்கோள் காட்டும் சட்டப் பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்தே வகையைக் காட்டும். சட்டப் பிரிவு எதுவும் இல்லாமல் "ஒப்பந்த நிபந்தனையை மீறியதால்" என்று இருந்தால் அது தனியார் கட்டணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் நடைமுறை முற்றிலும் வேறு. "கட்ட வேண்டாம், முதலில் இதை நிரப்பி அனுப்புக" என்ற வாசகம் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். ஜெர்மனியில் முதலில் வருவது விளக்கம் கேட்கும் படிவம். அபராத ஆணை அதற்குப் பிறகுதான் வரும். முதலாவதையே ஆணையாக நினைத்துப் பதறுபவர்கள் உண்டு.

வகை தெரிந்ததும் வண்டி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். இதைக் கடைசியில் செய்பவர்கள் முழு அறிவிப்பையும் வாசித்து, கணக்கும் போட்டு முடித்த பிறகே அது தங்கள் வண்டியே அல்ல என்று கண்டுபிடிக்கிறார்கள். எழுத்து எழுத்தாக, பதிவுச் சான்றோடு ஒப்பிட வேண்டும். கேமரா எண் பலகையை வாசிக்கும்போது சுழியும் ஆங்கில ஓ எழுத்தும், எட்டும் ஆங்கில பி எழுத்தும் இடம் மாறுவது புதிதல்ல. இணைத்திருக்கும் படத்தில் வண்டியின் நிறமும் வகையும் பொருந்துகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி மகனின் தாளில் வண்டி எண் சரியாகவே இருந்தது. தலைப்பு அபராத அறிவிப்பு என்றது. நடுவில் ஒரு வரி, "நீங்கள் ஓட்டவில்லை எனில் பகுதி இ-யை நிரப்பவும்" என்றது. பகுதி இ படத்தில் இல்லை.

மூன்றாம் படி: குற்றம்

குற்றத்தைச் சொல்லும் கட்டத்தில் பொதுவாக ஒரு குறியீடு அல்லது சட்டப் பிரிவு எண், ஒரு வாக்கிய விளக்கம், இடம், நாள், நேரம் ஆகியவை இருக்கும். விளக்க வாக்கியம் பெரும்பாலும் சுருக்கப்பட்டோ வெட்டுப்பட்டோ வரும். ஐயம் வந்தால் பிரிவு எண்ணையே நம்புங்கள். அதை வைத்துச் சட்டத்தின் முழு வாசகத்தைத் தேடி எடுக்கலாம். மொழி தெரியாத நாட்டில் வந்த அறிவிப்புக்கும் இதுவே குறுக்குவழி: வாக்கியத்தை மொழிபெயர்க்கத் தடுமாறுவதைவிடப் பிரிவு எண்ணைத் தேடுவது வேகமானது, பிழையும் குறைவு.

வேக மீறலில் மூன்று எண்கள் வருவதைக் கவனிக்க வேண்டும். அனுமதித்த வேகம், கருவி அளந்த வேகம், கணக்கில் எடுத்துக்கொண்ட வேகம் என்பவை அவை. கருவியின் பிழைக்கு இடம் கொடுத்து ஒரு சிறு அளவைக் கழித்த பிறகு வருவதே மூன்றாவது. ஜெர்மனியில் மணிக்கு 100 கிலோமீட்டருக்குக் கீழே பொதுவாக 3 கிலோமீட்டரும் அதற்கு மேலே 3 சதவிகிதமும் கழிக்கிறார்கள். பிரான்சில் நிலையான கேமராக்களுக்கு இது 5 கிலோமீட்டர், 100-க்கு மேல் 5 சதவிகிதம். அபராதத்தின் படிநிலையைத் தீர்மானிப்பது இந்த மூன்றாவது எண்தான். சித்தி மகனின் தாளில் அனுமதி 50, அளந்தது 67, கணக்கில் எடுத்தது 64 என்று இருந்தது. ஆக மீறல் 14 கிலோமீட்டர், 17 அல்ல. அவன் 17 என்றே நினைத்து இணையத்தில் அட்டவணை பார்த்து, ஒரு படி மேலே உள்ள தண்டனையைப் படித்துக் கலங்கியிருந்தான்.

நாளையும் நேரத்தையும் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். மற்ற எல்லாமே பிறர் எழுதியவை. வாசிப்பவர் தன் நினைவைக் கொண்டு சோதிக்கக்கூடியது இது ஒன்றுதான். குற்ற நாள் செவ்வாய், 28/05/2024; நேரம் 18:42. இதை அப்படியே அவனுக்கு எழுதி, "அந்த நேரத்தில் எங்கே இருந்தாய்?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "அண்ணா, அந்த வாரம் எனக்கு மாலை ஷிஃப்ட். ஆறு மணிக்கே உள்ளே போய்விட்டேன். வண்டியை ரூமில் இருக்கும் நண்பன் எடுத்துப்போனான்" என்றான். அறுபதா எண்பதா என்ற கேள்வி அந்த நிமிடத்தோடு இரண்டாம் இடத்துக்குப் போனது.

நான்காம் படி: தொகை

இருந்தாலும் அதற்கும் விடை காண்போம், ஏனென்றால் முறை எல்லோருக்கும் உதவும். மடிப்பின் மேல் விழுந்த ஓர் எண் 60 போலவும் 80 போலவும் தெரிகிறது. உற்றுப் பார்ப்பதாலோ படத்தைப் பெரிதாக்குவதாலோ இது தீராது. சுருக்கத்தில் தொலைந்த கோடு பெரிதாக்கினால் திரும்பி வராது. அறிவிப்பின் வேறொரு பகுதியிலிருந்து அந்த எண்ணை வருவிக்க முடியுமா என்று பாருங்கள். இங்கே முழுத் தொகை 120 என்று தெளிவாக இருந்தது. கீழே ஒரு வரியில் "50% குறைக்கப்பட்ட தொகை" என்றிருந்தது. 120-இல் பாதி 60. ஆகவே 80 ஆக இருக்க முடியாது. தொகையை எழுத்தாலும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, தெரியும் எல்லாத் தொகைகளையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் நிபந்தனையை எழுத வேண்டும். முன்கூட்டிக் கட்டினால் குறைவு, கெடுவுக்குள் முழுத் தொகை, கெடு தாண்டினால் கூடுதல் என்ற மூன்றடுக்கு அமைப்பு பல நாடுகளில் உண்டு. பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்பு சாலையோரத்தில் ஒட்டிப்போகும் நிறுத்த அபராதத்தை 14 நாட்களுக்குள் கட்டினால் பாதிதான். பிரான்சிலும் இதே மூன்றடுக்கு உண்டு. அங்கே இணையவழியில் கட்டினால் மேலும் 15 நாள் சலுகையும் கிடைக்கும். சித்தி மகனின் தாளில் 14 நாட்களுக்குள் 60, 28 நாட்களுக்குள் 120 என்றிருந்தது. மூன்றாவது தொகை கட்டைவிரலுக்கு அடியில். அது எவ்வளவு என்று ஊகித்து எழுதக் கூடாது. "தெரியவில்லை" என்று எழுதி வைப்பதே சரி.

தொகையில் வழக்கமாக நேரும் மூன்று பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். 120,00 என்பது பன்னிரண்டாயிரம் அல்ல. அபராதத்தோடு நிர்வாகக் கட்டணமும் தபால் செலவும் தனி வரிகளில் சேர்க்கப்பட்டிருந்தால் கட்ட வேண்டியது அடியில் உள்ள கூட்டுத்தொகை. ஆட்சேபணை தெரிவிக்கக் கேட்கப்படும் முன்வைப்புத் தொகை, பிரான்சில் வேகக் கேமரா வழக்குகளில் கேட்பது போல, அபராதத்துக்குச் சமமாக இருந்தாலும் அது அபராதம் அல்ல. அதைக் கட்டுவதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. குற்றத்துக்காக ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் தண்டனைப் புள்ளிகளை யாரும் பணத்தோடு குழப்புவதில்லை, ஆனால் அதே கட்டத்தில் அச்சிட்டிருப்பதால் அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: கெடு

இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். முதலில் தாளில் உள்ள எல்லாத் தேதிகளையும் பெயரிட்டு எழுதுங்கள்: குற்றம் நடந்த தேதி, அறிவிப்பு வெளியிட்ட தேதி, அச்சிட்ட தேதி, கிடைத்த தேதி, கட்ட வேண்டிய தேதி. இவற்றில் கடைசியானது நேரடியாக அச்சிடப்பட்டிருந்தால் வேலை முடிந்தது. பல அறிவிப்புகளில் அது இருக்காது; "14 நாட்களுக்குள்" என்ற தொடர் மட்டும் இருக்கும், நாளை நாம்தான் எண்ண வேண்டும்.

எண்ணத் தொடங்கும் முன் தேதியின் வடிவம் உறுதியாக வேண்டும். சித்தி மகனின் தாளில் வெளியிட்ட தேதி 05/06/2024. இது ஜூன் 5-ஆகவும் இருக்கலாம், மே 6-ஆகவும் இருக்கலாம். இதைத் தீர்க்க அதே தாளில் 12-க்கு மேற்பட்ட எண் உள்ள இன்னொரு தேதியைத் தேடுங்கள். குற்றத் தேதி 28/05/2024 என்றிருந்தது; 28-ஆவது மாதம் கிடையாது என்பதால் இந்த அமைப்பு நாளை முன்னால் எழுதுகிறது என்று உறுதியாகிறது. ஆகவே வெளியீடு ஜூன் 5. தவிர, குற்றம் மே 28-இல் நடந்திருக்க, அறிவிப்பு மே 6-இலேயே வெளியாகவும் முடியாது. கிழமை அச்சிட்டிருந்தால் அதுவும் சாட்சி சொல்லும்: 2024 மே 28 செவ்வாய்தான். ஓர் எண் மங்கி 23-ஆ 28-ஆ என்று ஐயம் வந்தால் நாட்காட்டியில் கிழமையைப் பார்த்தாலே போதும்.

அடுத்த கேள்வி, எந்தத் தேதியிலிருந்து, அந்த நாளையும் சேர்த்தா விட்டா என்பது. "அறிவிப்புத் தேதியிலிருந்து" என்றால் அந்த நாள் முதல் நாளா, அதற்கு மறுநாள் முதல் நாளா? ஜூன் 5-ஐ முதல் நாளாகக் கொண்டால் பதினான்காவது நாள் ஜூன் 18, இருபத்தெட்டாவது நாள் ஜூலை 2. மறுநாளிலிருந்து எண்ணினால் அவை ஜூன் 19, ஜூலை 3. ஒரு நாள் வேறுபாடுதான். ஆனால் அந்த ஒரு நாளில் 60 என்பது 120 ஆகிவிடும். விதி எழுதியிருக்கும் பக்கம் கையில் இல்லாதபோது முன்னதையே கெடுவாகக் கொள்ள வேண்டும். அதிகப்படியான எச்சரிக்கையால் இழப்பது ஒரு நாள். தாராளமாக எண்ணி இழப்பது பணம்.

"வேலை நாட்கள்" என்ற சொல் இருந்தால் கணக்கு மாறும், அது தனி எண்ணிக்கை. "செலுத்தப்பட்டிருக்க வேண்டும்" என்பதும் "வந்து சேர்ந்திருக்க வேண்டும்" என்பதும் வேறு வேறு. இரண்டாவதாக இருந்தால் வங்கி எடுத்துக்கொள்ளும் நாட்களைக் கழித்து முன்னதாகவே அனுப்ப வேண்டும். படம் எடுத்த தேதியையோ படம் நமக்கு வந்த தேதியையோ எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. சித்தி மகன் தாளைப் பெற்றது ஜூன் 10, எனக்கு அனுப்பியது 13. அவன் மனதில் 14 நாட்கள் பத்தாம் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன, இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது என்று நிதானமாக இருந்தான். தாளின் கணக்கிலோ மிஞ்சியிருந்தவை ஐந்து நாட்கள்தான்.

ஆறாம் படி: செய்யச் சொல்லியிருப்பவை

செயல்களைப் படிக்கும்போது வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். "வேண்டும்" என்று முடிவது கடமை, "லாம்" என்று முடிவது விருப்பம், "எனில்" என்று தொடங்குவது கிளைபிரியும் இடம். அறிவிப்புகளில் செயல்கள் வரிசையாக எண்ணிடப்பட்டிருந்தாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவை அல்ல. பெரும்பாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விட வேண்டியவை. பணம் கட்டுவது, குற்றத்தை மறுப்பது, ஓட்டியவர் வேறொருவர் என்று தெரிவிப்பது ஆகிய மூன்றும் பொதுவாக மூன்று வெவ்வேறு பாதைகள். ஒரு பாதையில் கால் வைத்தால் மற்றவை மூடிக்கொள்ளும். பணத்தைக் கட்டிவிட்டு ஆட்சேபிக்கலாம் என்று நினைப்பவர்கள், பல இடங்களில் கட்டியதே ஒப்புதலாகக் கருதப்படும் என்பதைக் கட்டிய பிறகே அறிகிறார்கள்.

ஓட்டுநரின் விவரத்தைத் தெரிவிக்கும் கடமையை எளிதாக எண்ணக் கூடாது. பிரிட்டனில் ஓட்டியவர் யார் என்று கேட்டு வரும் படிவத்துக்கு 28 நாட்களுக்குள் பதில் சொல்லாமல் விடுவது தனிக் குற்றம். அதற்கு 6 புள்ளிகள் ஏறும், சாதாரண வேக மீறலுக்கு ஏறும் 3 புள்ளிகளைப் போல இரண்டு மடங்கு. அபராதத்தைத் தவிர்க்கப் பேசாமல் இருப்பது அபராதத்தைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுவிடும். ஓட்டாத ஒருவரின் பெயரை எழுதிக் கொடுப்பதோ பொய் வாக்குமூலம், அது எங்குமே சிறிய விஷயம் அல்ல.

சித்தி மகனுக்கு இருந்த பாதை ஆகவே ஒன்றுதான். பணம் கட்டக் கூடாது. பகுதி இ-யை நிரப்பி, உண்மையில் ஓட்டிய நண்பரின் விவரத்தை அவருக்குத் தெரிவித்துவிட்டு எழுதி அனுப்ப வேண்டும். அன்றிரவு மறு படங்கள் வந்தன, இம்முறை தாளின் இரு பக்கங்களும் உறையும். பின்பக்கத்தில் இரண்டு வரிகள் எல்லாவற்றையும் தெளிவாக்கின: நாட்கள் அறிவிப்புத் தேதியையும் சேர்த்தே எண்ணப்படும்; பகுதி இ 28 நாட்களுக்குள் வந்து சேர வேண்டும், தொகை எதையும் செலுத்தியிருந்தால் அந்தப் படிவம் ஏற்கப்படாது. கட்டைவிரல் மறைத்த தொகை 180.

ஏழாம் படி: பணம் செலுத்தும் விவரங்கள்

பணம் கட்டுவதே சரியான பாதை என்று முடிவானவர்களுக்கு மட்டும் இது. படத்தில் இருக்கும் க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் வருடி நேரடியாகக் கட்ட வேண்டாம். போலி அபராதச் செய்திகள் இப்போது ஏராளம். அசல் தாள் போலவே இருக்கும், குறியீடு மட்டும் வேறு தளத்துக்கு இட்டுச் செல்லும். வெளியிட்ட அமைப்பின் அதிகாரப்பூர்வ தளத்தை நீங்களே தேடித் திறந்து, அறிவிப்பு எண்ணையும் வண்டி எண்ணையும் உள்ளிடுங்கள். அங்கே அதே குற்றம், அதே தொகை தெரிந்தால் தாள் உண்மையானது; கூடவே உங்கள் வாசிப்பும் சரிபார்க்கப்பட்டதாகிவிடும். எதுவும் தெரியாவிட்டால் அறிவிப்பு எண்ணை மறுபடி வாசியுங்கள். நீண்ட எண்ணை நான்கு நான்காகப் பிரித்து, ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சிடுவது, ஒரே ஆள் பார்த்துப் பார்த்து அடிப்பதைவிடப் பிழை குறைந்தது. மங்கிய தாளில் 1-உம் 7-உம், 3-உம் 8-உம், 5-உம் 6-உம் ஆகிய இணைகளே அடிக்கடி ஏமாற்றுகின்றன.

எட்டாம் படி: வாசித்ததை எழுதி வைத்தல்

வாசித்து முடித்ததும் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். அதில் ஒவ்வொரு வரியும் தாளில் நேராகத் தெரிந்ததா, கணக்கிட்டு வருவித்ததா என்று குறித்திருக்க வேண்டும். பிறருக்காக வாசிக்கும்போது இது மிக அவசியம், ஏனென்றால் நம் ஊகத்தை அவர் தாளின் வாசகமாக எடுத்துக்கொள்வார். அன்று நான் அனுப்பிய குறிப்பு இது:

குற்றம்: வேக மீறல், அனுமதி 50, கணக்கில் 64. (தாளில் உள்ளது)
நாள், நேரம்: செவ்வாய், மே 28, 18:42. (தாளில் உள்ளது)
தொகை: ஜூன் 18 வரை 60 (மடிப்பில் மங்கியது, 120-இல் பாதி என்ற வரியிலிருந்து வருவித்தது), ஜூலை 2 வரை 120, பிறகு 180.
தேதிகள்: ஜூன் 5-ஐ முதல் நாளாகக் கொண்டு நான் எண்ணியவை, எண்ணும் விதி பின்பக்கத்தில் உள்ளது.
செய்ய வேண்டியது: பணம் கட்டாதே. பகுதி இ, ஜூலை 2-க்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பு. அனுப்பும் முன் நிரப்பிய படிவத்தைப் படமெடுத்துக்கொள்.

அவன் மறுநாளே படிவத்தை நிரப்பித் தபாலில் சேர்த்தான். சில வாரங்களில் நண்பர் பெயருக்குப் புதிய அறிவிப்பு வந்தது. குற்ற நாளும் நேரமும் அதேதான். வெளியீட்டுத் தேதி புதிது என்பதால் பாதித் தொகைக்கான 14 நாட்கள் அவருக்கு மறுபடி முதலிலிருந்து கிடைத்தன. இம்முறை எனக்கு வந்த படத்தில் நான்கு மூலைகளும் இருந்தன, பின்பக்கமும் இருந்தது.